நாக பற்பம்: குப்பிக்குள் இருப்பது துத்தநாகமா, ஈயமா?

[காட்சி: களியக்காவிளை மருந்துக் கடை அலமாரி. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குப்பிகள்.]

குரல்: கேரள எல்லையோரக் கடைகளில் சித்த மருந்தும் ஆயுர்வேத மருந்தும் ஒரே தட்டில் இருக்கும். இரண்டு குப்பியிலும் ‘நாகம்’ என்றிருந்தால் ஒரே மருந்து என்று எடுத்துவிடாதீர்கள். சித்தத்தில் நாகம் என்றால் துத்தநாகம். ஆயுர்வேதத்தில் நாகம் என்றால் ஈயம், நாம் காரீயம் என்று சொல்வது. அங்கே துத்தநாகத்துக்கு யசதம் என்று பெயர். பெயரை மட்டும் சொல்லி ஆளனுப்பி வாங்கினால் மருந்தே மாறிப்போகும்.

[காட்சி: வில்லைகளை அகலில் அடுக்கி, மண் பூசிய துணியால் மூடிச் சீலைமண் செய்து, வரட்டிக்கு நடுவே வைக்கிறார்கள்.]

குரல்: சுத்தி செய்த உலோகத்தை மூலிகைச் சாற்றில் அரைத்து, வில்லை தட்டிக் காயவைத்து வரட்டித் தீயில் எரித்துப் புடம் போடுவார்கள். தகுந்த பக்குவம் வரும்வரை இது திரும்பத் திரும்ப நடக்கும். கடைசியில் கிடைக்கும் தூளைச் சித்தத்தில் பற்பம் என்றும் ஆயுர்வேதத்தில் பஸ்மம் என்றும் சொல்வார்கள். உலோகம் ஆக்சைடாகவோ சல்பைடாகவோ மாறும். ஆனால் ஈயம் ஈயம்தான், எத்தனை புடம் போட்டாலும் அது வேறு தனிமமாகாது.

சர்ச்சை இங்கேதான். ஈய சல்பைடு எளிதில் கரையாது, உடலில் அதிகம் ஏறாது என்பது ஒரு தரப்பு. நுண்ணிய தூள் வயிற்று அமிலத்தில் ஓரளவு கரையும், மாதக்கணக்கில் சாப்பிட்டால் எலும்பில் சேரும் என்பது மறுதரப்பு. அளவைப் பார்த்தால் இரண்டாவது பேச்சைத் தள்ளிவிட முடியாது. 125 மில்லிகிராம் ஈய பஸ்மத்தில் 70 சதவீதம் ஈயம் என்று வைத்தாலே ஒரு வேளைக்கு 87.5 மில்லிகிராம் ஈயம். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதையும் சொல்ல முடியாது என்று 2010-இல் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு, முன்பு வைத்திருந்த வரம்பையே விலக்கிக்கொண்டது.

[காட்சி: தண்ணீர்க் கிண்ணத்தில் மிதக்கும் தூள்.]

குரல்: தண்ணீரில் மிதக்கிறது, விரல் ரேகையில் படிகிறது, பளபளப்பு இல்லை என்று கடைக்காரர் செய்துகாட்டுவார். தூள் நைசாக இருக்கிறது, உலோகத் துகள் மிச்சமில்லை என்பதற்கு அது சாட்சி. நஞ்சில்லை என்பதற்குச் சாட்சி அல்ல. ஈய பஸ்மமும் மிதக்கும்.

[காட்சி: ஆய்வறிக்கை, பேட்ச் எண் பெரிதாக.]

குரல்: துத்தநாக பற்பம்தான் வாங்குகிறீர்கள் என்றாலும் அறிக்கை கேளுங்கள். துத்தநாகத் தாதுவோடு ஈயமும் காட்மியமும் ஒட்டிவருவது சகஜம். அறிக்கையில் உள்ள பேட்ச் எண்ணும் குப்பியில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆய்வகங்களின் தரத்தைச் சரிபார்க்கும் என்ஏபிஎல் அமைப்பின் அங்கீகாரம் ஆய்வகத்துக்கு வேண்டும். சோதனை முறை, மிக நுண்ணிய அளவு உலோகத்தையும் அளக்கும் ஐசிபி-எம்எஸ் என்றிருந்தால் நல்லது. ‘கனஉலோகம்: தேர்ச்சி’ என்ற ஒற்றை வரி போதாது, ஒவ்வொரு உலோகத்துக்கும் எண் வேண்டும். பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஈயம் 10 பிபிஎம் என்றால் 100 மில்லிகிராம் வேளையில் 1 மைக்ரோகிராம் இருக்கும். 1,000 பிபிஎம் என்றால் 100 மைக்ரோகிராம், அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் ஈய பஸ்மம் வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே சாப்பிட்டவருக்கு வயிற்றுவலி, மலச்சிக்கல், சோகை இருந்தால் ரத்தத்தில் ஈய அளவைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். போகும்போது குப்பியையும் கையோடு கொண்டுபோங்கள்.