படலையில் கூப்பிடுவதும் கைபேசியில் 'ஹாய்' போடுவதும்

நடுவர்: "ஒரு கேள்வியும் கேளாமல் வெறும் 'ஹாய்' மட்டும் போட்டுவிட்டுக் காத்திருக்கிறது மரியாதையோ, கரைச்சலோ? போட்டவர் அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று நினைத்துப் போடுகிறார்?"

நடுவர் அவர்களே, வாசிகசாலை முற்றத்தில் கூடியிருக்கும் பெரியோர்களே, எதிரணி நண்பர்களே, வணக்கம். கரைச்சல்தான் என்று வாதிடும் அணியிலிருந்து பேசுகிறேன்.

எதிரணித் தலைவரான ஓய்வுபெற்ற ஆசிரியர் நல்லதொரு உவமையோடு தொடங்கினார். வன்னியில் ஒரு வீட்டுக்குப் போகிறவர் நேரே உள்ளே நுழைவதில்லை, படலையில் நின்று "அண்ணை, நிக்கிறியளோ?" என்று குரல் கொடுத்து, "ஓம், வாங்கோ" என்ற சொல் வந்த பின்னரே வந்த அலுவலைச் சொல்வார், அந்தக் குரல்தான் இன்றைக்கு 'ஹாய்' ஆகியிருக்கிறது என்றார். ஆசிரியர் சொன்னதில் பாதி சரி. ஹாய் போடுகிறவரின் மனத்தில் ஓடுவது அதுதான். மற்றவர் இந்த நேரத்தில் கைபேசியோடு இருக்கிறாரா என்று அவர் அறிய விரும்புகிறார். "சொல்லுங்கோ" என்றொரு அனுமதியை எதிர்பார்க்கிறார். அது கிடைத்துவிட்டால் இருவரும் எதிரெதிரே இருந்து கதைப்பதுபோல ஐந்து நிமிடத்தில் அலுவல் முடிந்துவிடும் என்று நம்புகிறார்.

ஆனால் படலையில் நிற்பவரின் கையில் பிடுங்கிய நெற்பயிர் இருக்கும், அல்லது காய்ச்சல்காரப் பிள்ளை தோளில் கிடக்கும். வீட்டுக்காரர் திண்ணையில் இருந்தபடியே வந்த காரியத்தில் பாதியை அறிந்துகொண்டுதான் எழும்பி வருகிறார். பூட்டிய திரையில் வந்து விழும் ஹாய்க்கு அப்படி ஒரு கையும் முகமும் கிடையாது. அதைவிடப் பெரிய வித்தியாசம், படலையில் கூப்பிட்டவர் பதில் வரும்வரை அங்கேயே நிற்பார். ஹாய் போட்டவரோ கைபேசியை வீட்டில் வைத்துவிட்டு வயலுக்குப் போய்விடுவார்.

போய்விட்டவர் என் சித்தப்பா என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன். இரணைமடுக் குளத்தின் கீழ் இரண்டு ஏக்கரில் காலபோகத்துக்கு ஏ.ரி. 362 நெல் விதைத்திருந்தார். மார்கழி மாதம், விதைத்து 50 நாள் ஆனபோது, வயலின் ஒரு மூலையில் பயிர் வட்டமாகக் காயத் தொடங்கியது. காலை 6.40க்கு எங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியருக்கு வட்ஸ்அப்பில் "ஹாய் சேர்" என்று போட்டார். போதனாசிரியர் மோட்டார் சைக்கிளில் ஒவ்வொரு கண்டமாகத் திரிகிறவர். நடுவழியில் கைபேசியைப் பார்த்து, 11.15க்கு "வணக்கம்" என்று பதில் போட்டார். சித்தப்பா அப்போது வயலில். சாப்பாட்டுக்கு வந்த 1.30க்கு, உடனே அலுவலைக் கேட்டால் நன்றாக இராது என்று, "சுகமா சேர்?" என்று கேட்டார். 4 மணிக்கு "ஓம், சொல்லுங்கோ" வந்தது. சித்தப்பா அப்போது கடையடியில். மாலை 6.50க்குத்தான் "வயலில ஒரு பக்கம் வட்டமாக் காயுது, என்ன செய்யிறது?" என்ற கேள்வி போனது. 8 மணிக்கு, "தூரை விரிச்சு அடித்தண்டைப் படம் எடுத்து அனுப்புங்கோ, தண்ணி எவ்வளவு நிக்குது?" என்று போதனாசிரியர் கேட்டார். மார்கழியில் ஆறரைக்கே இருட்டிவிடும் ஊரில் எட்டு மணிக்கு எந்தத் தூரை விரிப்பது? மறுநாள் விடிந்துதான் படம் போனது. "இது தத்தி. தண்ணியை வடிச்சு விடுங்கோ, யூரியாவை நிப்பாட்டுங்கோ, மருந்து அடிக்கிறதை நான் வந்து பாத்திட்டுச் சொல்லுறன்" என்ற பதில் 10 மணிக்கு வந்து சேர்ந்தது.

இதில் போதனாசிரியரில் குற்றம் காணமுடியாது. நாள் முழுக்க வெளியில் திரிகிறவர் நாலைந்து மணித்தியாலத்துக்கு ஒருமுறை பதில் போடுவது குறைவான காரியம் அன்று. கேள்வி புறப்படும் முன்னரே பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வணக்கத்திலும் சுகத்திலும் போய்விட்டது, அவ்வளவுதான். நேரில் கதைக்கும்போது வணக்கத்துக்கு ஒரு நொடி போதும். கைபேசியில் ஒவ்வொரு வணக்கமும் ஒரு முழுக் காத்திருப்பைக் கேட்கிறது, அதிலும் இருவரின் ஓய்வு நேரமும் ஒன்றாக அமைவதில்லை. தத்திப் பூச்சியோ அடித்தண்டில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே இருந்து சாற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்; அதற்கு யாருடைய "சொல்லுங்கோ"வும் தேவையில்லை.

அதே 6.40க்கு சித்தப்பா போட்டிருக்கக்கூடியது இது: "வணக்கம் சேர், சுகமா? ஏ.ரி. 362, விதைச்சு 50 நாள். வடக்கு மூலையில ரண்டு இடத்தில பாய் அகலத்துக்கு வட்டமாக் காயுது. தண்ணி நாலு விரல் நிக்குது. போன கிழமை யூரியா போட்டனான். அடித்தண்டுப் படம் கீழ இருக்கு. இண்டைக்கு மருந்து அடிக்கலாமோ?" வணக்கமும் இருக்கிறது, சுகமும் இருக்கிறது, ஆசிரியர் கேட்ட மரியாதையில் ஒன்றும் குறையவில்லை. 11.15க்கு வந்த அந்த முதலாவது பதிலிலேயே தண்ணீரை வடிக்கும் செய்தி வந்திருக்கும். முதியவர்களுக்கு இவ்வளவு எழுத வராது என்பது எதிரணியின் அடுத்த தடை; எழுத வராதவருக்குத்தான் குரல்பதிவு இருக்கிறது, என் சித்தப்பா இப்போது அதைத்தான் அனுப்புகிறார்.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் 'ஹாய்' என்பது ஆங்கிலம், 'வணக்கம்' என்றே போடவேண்டும் என்று ஏழு நிமிடம் பேசினார். அது வேறொரு பட்டிமன்றத்துக்கு உரிய பேச்சு. வெறும் 'வணக்கம்' வந்தாலும் இதே கரைச்சல்தான். எங்கள் அணித் தங்கை தன் கதையைச் சொன்னார்: இங்கே இரவு 9 மணிக்கு ரொறன்ரோவில் இருக்கும் அண்ணனுக்கு ஹாய் போட்டால் மார்கழியில் அங்கே காலை 10.30, அவர் வேலையில். அவர் இடைவேளையில் "என்ன தங்கச்சி?" என்று கேட்கும்போது இங்கே இவர் நித்திரை. ஒரு சுற்றுக்கு ஓர் இரவு.

சொல்லக் கூச்சமான ஒன்றும் இருக்கிறது. சில ஹாய்களின் பின்னால் கடன் கேட்கும் எண்ணம் இருக்கும். மற்றவர் திறந்து பார்த்து நீல ரிக் விழுந்துவிட்டால், பிறகு "காணவில்லை" என்று சொல்ல முடியாது என்பது போட்டவரின் கணக்கு. பெற்றவரும் சளைத்தவர் அல்லர். திரையின் மேலே வந்த அறிவிப்பிலேயே படித்துவிட்டுத் திறக்காமல் விடுகிறார். ரிக் சாம்பல் நிறத்திலேயே நிற்கிறது. இன்னும் சிலர் நீல ரிக்கையே நிறுத்திவைக்கிறார்கள், அதனால் மற்றவர் தங்கள் செய்தியைப் படித்தாரா என்பது அவர்களுக்கும் தெரியாமற் போகிறது. "பிள்ளையின்ரை பள்ளிக்கூடக் காசுக்கு ஐயாயிரம் தேவை, மாதக் கடைசியில தருவன், ஏலாட்டிப் பரவாயில்லை" என்று நேரே வந்திருந்தால் உண்டு, இல்லை என்று ஒரு சொல்லாவது கிடைத்திருக்கும். ஆனாலும் வாயால் கேட்க முடியாமல், மற்றவர் தானாக "ஏதும் பிரச்சினையோ?" என்று கேட்கமாட்டாரா என்று ஹாய் போட்டுவிட்டு இருப்பவர் இருக்கிறார். அவரைக் கேள்வியோடு வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆசிரியர் தம் தொகுப்புரையில் அவரைத் தம் பக்கம் எடுத்துக்கொள்ளலாம்.

மணி அடித்துவிட்டது, ஒரு நிமிடம் தாருங்கள். பேச்சுத் தொடங்குமுன் முன்வரிசையில் இருக்கும் அம்மா ஒருவர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, என்ரை மோன் லண்டனிலயிருந்து கிழமைக்கு ஒருக்கா 'ஹாய் அம்மா' எண்டு மட்டும்தான் போடுவான், அதையும் போடாதை எண்டு சொல்லிப்போடாதை" என்றார். அவன் என்ன எதிர்பார்க்கிறான் என்று கேட்டேன். "நான் திறந்து பாத்தா நீலமா வருமாம். அம்மா எழும்பீட்டா எண்டு அவனுக்குத் தெரியும்" என்றார். அதுவும் நடுவர் கேட்ட ஹாய்க்குள் அடங்குமா என்பதை நடுவரிடமே விட்டு அமர்கிறேன்.