குருவி தலையில் பனங்காய்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் கல்வி அதிகாரி அவர்களே, பெற்றோர் கழகத் தலைவர் அவர்களே, இருபது நிமிடம் தாமதமாகத் தொடங்கியும் எழுந்து போகாமல் இருக்கும் ஆசிரியர் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மூன்று விஷயங்களைச் சொல்ல வந்திருக்கிறேன்: பிள்ளைகளைப் பிரித்தறிவது, வேலை கொடுப்பது, மதிப்பெண் போடுவது. குருவி தலையில் பனங்காயை வைக்காதே என்பார்கள். நான் பனங்காயைக் குருவிக்கும் வைத்தேன், யானைக்குச் சோளப்பொரியும் போட்டேன்.

என் ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண். பத்துக் கணக்கை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவாள். நான் உடனே அதே மாதிரி இன்னும் பத்து கொடுப்பேன். ஒரு மாதம் கழித்து அவள் மெதுவாகிவிட்டாள். உடம்பு சரியில்லையோ என்று அம்மாவை வரச்சொன்னேன். அம்மா சிரித்தார். "சீக்கிரம் முடிச்சா சார் இன்னும் கணக்கு தர்றாராம். அதனால பென்சிலைச் சீவிக்கிட்டே இருக்காளாம்." ஒரு வாரத்தில் மூன்று பென்சில் தீர்ந்த காரணம் அன்றுதான் விளங்கியது!

அப்புறம்தான் மாற்றினேன். முதல் மூன்று நிமிடம் எல்லோருக்கும் ஒரே கேள்வி: 2/3, 3/4, எது பெரியது, ஏன்? சிலர் "இரண்டும் சமம், இரண்டிலும் ஒரு துண்டுதான் குறைகிறது" என்பார்கள். குறைகிற துண்டுகளின் அளவு வேறு என்பதை அவர்கள் இன்னும் பார்க்கவில்லை. விடை சரி, காரணம் வரவில்லை என்பவர்கள் வேறு ரகம். இரண்டும் வருகிறவர்கள் மூன்றாவது.

பாடம் ஒன்றுதான், வழிதான் வேறு. முதல் ரகத்துக்கு 12 செ.மீ. நீளமுள்ள இரண்டு காகிதப் பட்டைகள். ஒன்றை மூன்றாகவும் மற்றதை நான்காகவும் மடித்தால் 2/3 என்பது 8 செ.மீ., 3/4 என்பது 9 செ.மீ. கண்ணுக்கே தெரிகிறது. நடு ரகத்தினர் பொதுப் பகுதி கண்டு 8/12, 9/12 என்று எழுதிக் காரணம் சொல்ல வேண்டும். வேகமானவர்களுக்கு, இரண்டுக்கும் நடுவில் ஒரு பின்னம் கண்டுபிடி என்பேன். 17/24 வரும். ஒருத்தன் மேலையும் கீழையும் தனித்தனியே கூட்டி 5/7 என்றான். அதுவும் நடுவில்தான் விழுகிறது! எப்போதும் விழுமா என்ற தேடலில் அந்த வாரமே போயிற்று.

பட்டைகளை மேசையில் பொதுவாக வைத்தேன், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். பெயர் சொல்லிக் கொடுத்தால் அது முத்திரை. ஆனால் பட்டையையே பிடித்துக்கொண்டிருக்கவும் கூடாது. மூன்றாம் நாள் மடிக்காமல் வெறும் கோடு வரைந்து சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியாத பிள்ளையிடமிருந்து பட்டையைப் பறிப்பது மறுபடி குருவி தலையில் பனங்காய்தான்.

ஒரு பாடத்துக்கு இப்படித் தயார் செய்ய எனக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. ஐயா, வாரத்துக்கு ஒரு பாடவேளை ஆசிரியருக்குத் திட்டமிடவென்று ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் அந்தப் பனங்காய் எங்கள் தலையில். மதிப்பெண்ணைப் பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் கடிகாரம் பார்க்கிறார். கோரிக்கை மனு வாசலில் இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிட்டுச் செல்லுங்கள்.