எதிர்பார்த்தவர் வரவில்லை: புதிய துறைத் தலைவரை ஊழியர்களுக்கு எப்படி அறிமுகம் செய்வது?

[திரையில்: மண்டபம் கடற்கரை, நிறுத்தி வைக்கப்பட்ட விசைப்படகுகள்]

வணக்கம். மண்டபம் பக்கத்தில் இறாலையும் கணவாயையும் உறையவைத்து ஏற்றுமதி செய்யும் ஓர் ஆலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் தரக்கட்டுப்பாட்டுத் துறைத் தலைவர் ஓய்வு பெறுகிறார். நெடுங்காலமாக அவருக்குத் துணையாக இருந்த மேலாளர்தான் அந்த இடத்துக்கு வருவார் என்று பரிசோதனைக்கூடத்திலிருந்து தரம்பிரிக்கும் மேசை வரை எல்லோரும் நம்பியிருக்கிறார்கள். அவரும் முறைப்படி விண்ணப்பித்திருக்கிறார். ஆனால் நிர்வாகம் தூத்துக்குடியிலிருந்து ஒரு பெண் அதிகாரியைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. இந்தச் செய்தியை ஊழியர்களிடம் எப்படிச் சொல்வது என்பதைத்தான் பார்க்கப்போகிறோம்.

[திரையில்: மூடிய அறை, எதிரெதிரே இரண்டு நாற்காலிகள்]

அறிமுகக் கூட்டத்துக்கு முன்பே செய்து முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. தேர்வாகாத துணை மேலாளருக்கு, தேர்வு செய்தவரே நேரில், தனியாக, முதலில் சொல்ல வேண்டும். மனிதவளப் பிரிவின் கடிதமோ தொலைபேசி அழைப்போ இதற்கு ஈடாகாது. இந்தக் கடற்கரையில் ஒரு செய்தி படகுத்துறைக்கும் தேநீர்க் கடைக்கும் போய்ச்சேர அரை நாள்கூட ஆகாது என்பதால், அவர் அதை வேறொருவர் வாயிலாகக் கேட்டுவிட்டால் பிறகு நடத்தும் எந்தக் கூட்டத்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

அந்தச் சந்திப்பில் சொல்லும் காரணம் வேலையைப் பற்றியதாக இருக்க வேண்டும். "வெளிநாட்டுக் கொள்முதலாளர்களின் தணிக்கையைத் தலைமையேற்று நடத்திய அனுபவம் இந்த ஆண்டு எங்களுக்குத் தேவைப்படுகிறது; அது அவரிடம் இருக்கிறது" என்பது காரணம். "புதிய பார்வை வேண்டும்" என்பது காரணமாகாது. இதுவரை உழைத்தவரின் பார்வை பழசாகிவிட்டது என்றுதான் அது காதில் விழும். அடுத்த முறை உங்களுக்குத்தான் என்று ஆறுதலுக்காக வாக்குக் கொடுப்பதையும் தவிர்க்க வேண்டும். அவர் விண்ணப்பித்திருந்ததைக் கூட்டத்தில் குறிப்பிடலாமா என்பதை அவரிடமே கேட்டு, அவர் சொல்கிறபடி நடந்துகொள்ளுங்கள். அதன்பின், ஊழியர்கள் புதியவரைப் பார்ப்பதற்கு முன்பாகவே இருவரும் தனியே பேச நேரம் ஒதுக்குங்கள்.

[திரையில்: நாட்காட்டி]

அடுத்தது, கூட்டத்துக்கான நாள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அப்போது விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. ஆலையிலும் பலர் விடுப்பில் இருப்பார்கள் என்பதால், அப்போது அறிவித்தால் பாதிப் பேர் வதந்தியாகத்தான் கேட்பார்கள். படகுகள் கரை திரும்பி லாரிகள் வரிசைகட்டும் நாளிலோ யாருக்கும் நின்று கேட்க நேரமிருக்காது. சரக்கு வராத ஒரு நாளில், இரண்டு ஷிஃப்டும் சந்திக்கும் வேளையே ஏற்றது. மேற்பார்வையாளர்களை மட்டும் ஒரு மணி நேரம் முன்னதாக அழைத்துச் சொல்லிவிடுங்கள். தங்களுக்குக் கீழே இருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்விக்கு அவர்கள் திகைத்து நிற்கக் கூடாது.

[திரையில்: கூட்டத்தில் பேச வேண்டிய வாசகம்]

கூட்டத்தில் நிர்வாகி ஏறக்குறைய இப்படிப் பேசலாம்: "இந்தப் பொறுப்புக்கு நம்முள் ஒருவர் வருவார் என்று உங்களில் பலர் எதிர்பார்த்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். முடிவு என்னுடையது. வெளிநாட்டுத் தணிக்கையை நடத்திய அனுபவம் நமக்குத் தேவைப்பட்டதால் இவரைத் தேர்ந்தெடுத்தேன். துணை மேலாளரின் பொறுப்புகளும் சரக்கைத் திருப்பி அனுப்பும் அவருடைய அதிகாரமும் அப்படியே தொடரும்."

துணை மேலாளரிடம் சொன்ன காரணமும் இங்கே சொல்லும் காரணமும் ஒன்றாகவே இருக்க வேண்டும். இரண்டும் மாறினால் மாலைக்குள் ஒப்பிட்டுப் பார்த்துவிடுவார்கள். புதியவரின் பட்டங்களை நீளமாக வாசிப்பது, கேட்பவர் மனத்தில் "நம்மவரிடம் இல்லாதது என்ன?" என்ற பட்டியலைத்தான் உருவாக்கும். நம் ஊர் விழாக்களில் வழக்கமாக நடக்கும் ஒரு தவற்றையும் சொல்ல வேண்டும்: துணை மேலாளரையே மேடைக்கு அழைத்துப் புதியவருக்குப் பொன்னாடை போர்த்தச் சொல்வார்கள். அது பெருந்தன்மையாகத் தெரிந்தாலும், தன் ஏமாற்றத்தை எல்லோர் முன்னும் நடித்து மறைக்கும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்துவதாகவே முடியும். பொன்னாடையை நிர்வாகியே போர்த்தட்டும்.

புதியவர் ஐந்து நிமிடத்துக்கு மேல் பேச வேண்டியதில்லை. முன்பு பணியாற்றிய இடத்தில் எப்படிச் செய்தார்கள் என்ற ஒப்பீடு முதல் நாளில் வேண்டவே வேண்டாம். வரும் வாரத்தில் எந்தெந்தப் பிரிவில் அமர்ந்து வேலையைக் கவனிக்கப்போகிறார் என்று சொன்னாலே போதும்.

[திரையில்: இரவு, இறக்குமிடம், பனிக்கட்டிப் பெட்டிகள்]

அறிமுகம் நன்றாக நடந்ததா என்பது கூட்டத்தின் கைதட்டலில் தெரியாது. இரவில் வந்த இறாலில் கரும்புள்ளி தெரிகிறது. அதை எடுப்பதா, திருப்புவதா என்பது துணை மேலாளரே முடிவு செய்யக்கூடிய விஷயம். ஆனால் அந்தப் படகுக்காரரிடம் இனி கொள்முதல் செய்வதா என்பது துறைத் தலைவரின் முடிவு. அதற்கும் மேற்பார்வையாளர், "அண்ணே, நீங்களே சொல்லிடுங்க" என்று பழைய இடத்துக்கே போனால், அதிகாரம் இன்னும் கைமாறவில்லை என்று பொருள். அப்போது துணை மேலாளர், "மேடத்திடம் கேளுங்க, நானும் வர்றேன்" என்று கூடவே நடந்து போனால் சில வாரங்களில் அந்தப் பழக்கம் மாறிவிடும். அவர் தானே முடிவு சொல்லி அனுப்பிவிட்டால், புதியவர் அதை ஊழியர் முன் கண்டிக்காமல், மறுநாள் காலையில் அவருடன் அமர்ந்து, எந்த முடிவு யாருடையது என்பதை எழுத்தில் வரையறுத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவு செய்தும் சில மாதங்களில் அவர் வேறு ஆலைக்குப் போகக்கூடும்; அதனால் சரக்கு சோதனையில் அவருக்கு மட்டுமே தெரிந்தவற்றை இன்னொருவரும் கற்றுக்கொள்ளும் ஏற்பாட்டை முதல் மாதத்திலேயே தொடங்கிவிடுங்கள்.