ஓடுகிற மெஷினும் மடித்துக் கட்டிய லுங்கியும்

நேயர்களுக்கு வணக்கம். ராணிப்பேட்டையில் 32 வருஷம் லேத்து ஓட்டியவன் நான். வீடு குடியாத்தம் பக்கத்தில். கொஞ்சம் கழனி, கொஞ்சம் கொல்லை. பட்டறைக்குப் பேண்ட், கழனிக்கு லுங்கி, நல்லது கெட்டதுக்கு வேட்டி என்று மூன்றிலும் வேர்த்தவன். எதை எங்கே கட்டலாம், எதை எங்கே அவிழ்த்து வைக்க வேண்டும், அதைத்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

லுங்கியின் சுகத்தை முதலில் ஒத்துக்கொள்கிறேன். நம் வேலூர் வெயிலை நான் சொல்லவே வேண்டாம், சித்திரை பிறந்தால் நாற்பதைத் தாண்டும். அந்த வெயிலில் வரப்பு மேல் நடக்கும்போது, ஒவ்வொரு எட்டுக்கும் லுங்கி விசிறி மாதிரி காலுக்குக் காற்று தள்ளும். வேர்வை காய்ந்துகொண்டே வரும், உடம்பு குளிரும். பேண்டில் அந்த வழி இல்லை. இடுப்பில் அடைத்துக்கொள்கிறது, வேர்வை அங்கேயே தங்குகிறது. ஆனால் ஒன்று கவனியுங்கள். இந்தச் சுகம் நடக்கிறவனுக்குத்தான். கூரைத் தகடு கொதிக்கிற பட்டறையில் ஒரே இடத்தில் நிற்கிறவனுக்கு லுங்கிக்கும் தளர்வான பருத்திப் பேண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. நின்ற இடத்தில் எட்டு மணி நேரம் நின்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

இப்போது ஒரு சம்பவம். என் சித்தப்பா மகன், எனக்குத் தம்பி முறை. டிராக்டருக்குப் பின்னால் கதிரடிக்கிற மெஷினை மாட்டி நெல் அடித்துக்கொண்டிருந்தார்கள். டிராக்டரிலிருந்து மெஷினுக்குப் போகிற அந்த ஷாஃப்டுக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் உறை வரும். கிரீஸ் வைக்க எடுத்தவர்கள் திரும்ப மாட்டவே இல்லை. தம்பி லுங்கியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தான். குனிந்து வைக்கோலை இழுத்தான். மடிப்பின் முனை ஷாஃப்டைத் தொட்டது. அவ்வளவுதான்.

மெஷின் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். லுங்கி பழசு, மூட்டு வாயில் தையலோடு பிரிந்து கிழிந்தது. அதனால் பிழைத்தான். இடுப்பிலிருந்து தொடை வரைக்கும் தோல் உரிந்துபோய் 2 மாதம் குப்புறப் படுத்தான். டிராக்டரை நிறுத்திய பிறகு ஷாஃப்டில் சுற்றியிருந்த துணியைக் கையால் பிரிக்க முடியவில்லை. கயிறு மாதிரி முறுக்கேறி இருந்தது. நான்தான் பிளேடு போட்டு அறுத்தேன்.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நேயர்களே, நீங்களும் மனதுக்குள் போடுங்கள். அந்த மாதிரி ஷாஃப்ட் பொதுவாக நிமிஷத்துக்கு 540 சுற்று. அப்படியென்றால் ஒரு விநாடிக்கு 9 சுற்று. இரண்டு அங்குலக் குழாய் என்றால் சுற்றளவு சுமார் 16 சென்டிமீட்டர். ஒன்பதைப் பதினாறால் பெருக்கினால் 144. விநாடிக்கு ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் துணி. ஒரு லுங்கி மொத்தமே இரண்டு மீட்டர் சொச்சம். ‘டேய், நிறுத்து’ என்று ஒருத்தன் கத்தி முடிப்பதற்குள் லுங்கி முழுசும் உள்ளே போய்விடும். டிரைவர் இறங்கி வர வேண்டாம், திரும்பிப் பார்க்கக்கூட நேரம் இல்லை.

வேட்டி, லுங்கி இரண்டும் ஒன்றுதானே என்பார்கள். இந்த இடத்தில் ஒன்றல்ல. வேட்டிக்கு மூட்டுத் தையல் கிடையாது. இழுத்தால் உருவிக்கொண்டு போக ஒரு வாய்ப்பாவது உண்டு. லுங்கி மூட்டிய வளையம், நீங்கள் அதற்கு உள்ளே நிற்கிறீர்கள். அதற்கு மேல் அகலப் பச்சை பெல்ட்டையும் இறுக்கிப் போட்டால் துணி நழுவவே நழுவாது. துணியோடு ஆளும் போவான். லுங்கியும் புதுசாக இருந்தால் கிழியவும் கிழியாது. அதற்காக வேட்டி கட்டி மெஷின் கிட்டே போகலாம் என்று நான் சொல்லவில்லை. வேட்டியில் தொங்குகிற முனைகள் இன்னும் அதிகம், மாட்டிக்கொள்வது அதைவிட சுலபம்.

எங்கள் நைனா ஆயுசு முழுக்க வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டித்தான் ஏர் ஓட்டினார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்பீர்கள். அவர் காலத்தில் கழனியில் சுற்றினது என்ன? மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கவலைச் சக்கரம், வண்டிச் சக்கரம். மாடு போகிற வேகம்தான் அதற்கு. துணி மாட்டினால் மாட்டை அதட்டி நிறுத்தலாம். இன்றைக்கு மோட்டார் பெல்ட் சுற்றுகிறது, மல்லாட்டை உடைக்கிற மெஷின் சுற்றுகிறது. உடுப்பு அதேதான், பக்கத்தில் சுற்றுகிற பொருள் மாறிப்போச்சு.

அப்படியென்றால் என்ன செய்வது? புதுசாக எதுவும் வாங்க வேண்டாம். லுங்கிக்கு உள்ளே போட்டிருக்கிறீர்களே பட்டாபட்டி, அது போதும். லுங்கியை அவிழ்த்து வரப்பில் வையுங்கள். கழுத்துத் துண்டையும் எடுத்து அதன் மேலே வையுங்கள். துண்டை மறக்காதீர்கள், அது கழுத்தில் கிடக்கிறது. பட்டாபட்டி நாடாவை உள்ளே செருகிக்கொண்டு மெஷின் கிட்டே போங்கள். முழங்காலுக்கு மேலே நிற்கிற துணி, தொங்கல் கிடையாது. வெறும் லுங்கியில் நாள் முழுக்க நடந்தால் தொடை உரசிப் புண்ணாகுமே, பட்டாபட்டி இருந்தால் அதுவும் இல்லை. அடிப்பு முடிந்ததும் லுங்கியை எடுத்துக் கட்டிக்கொள்ளலாம். மரியாதைக் குறைச்சல் என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். என் தம்பி இன்றைக்கு அப்படித்தான் நிற்கிறான், யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

பட்டறையில் இருக்கிற பிள்ளைகளுக்கு ஒரு சேதி. 2025 நவம்பர் வரைக்கும் நடப்பில் இருந்த 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், 22ஆம் பிரிவு. ஓடுகிற மெஷின் கிட்டே போய் எண்ணெய் விடவோ பெல்ட்டைச் சரிபார்க்கவோ செய்கிறவன் உடம்பைப் பிடித்த உடுப்பு போட்டிருக்க வேண்டும், அதை நிர்வாகம்தான் கொடுக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. கேட்டு வாங்குங்கள்.

வெல்டிங் செய்கிறவர்களுக்கு இன்னொன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். மெல்லிசாக, வழவழப்பாக, விலை குறைச்சலாக வருகிற பேண்ட் பெரும்பாலும் பாலியெஸ்டர். பொறி விழுந்தால் பருத்தி கருகி ஓட்டை விழும், பாலியெஸ்டர் உருகித் தோலோடு ஒட்டும். பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும். கடைக்காரர் காட்டன் என்று சொன்னாலும், கால் மடிப்புக்குள்ளிருந்து ஒரு நூலை உருவுங்கள். நம்ம குடியாத்தத்துத் தீப்பெட்டி ஒன்று எடுத்து, வெளியே வந்து, ஒரு கல் மேல் நூலை வைத்துக் கொளுத்துங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பலை விரலில் தேய்த்தால் பொடியாகப் போகும். பாலியெஸ்டர் சுருங்கி உருகி, ஆறினதும் கடுகு மாதிரி கருப்பு உருண்டையாக நிற்கும், நகத்தால் உடைக்க முடியாது. இரண்டும் கலந்திருந்தால் சாம்பலுக்குள்ளே சின்னச் சின்ன உருண்டை தட்டுப்படும். சுடச்சுடத் தொடாதீர்கள், அந்த உருண்டையே விரலில் ஒட்டிக்கொள்ளும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், இரண்டு நிமிஷம்தான் இருக்கிறதாம். தையல்காரரிடம் சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லிவிடுகிறேன். முழுப் பருத்தித் துணி. தொடையில் தளர்வு, கணுக்காலில் ஒடுக்கம். காலை வெளிப்பக்கம் மடித்து விட வேண்டாம், அந்த மடிப்பில்தான் பொறியும் இரும்புத் தூளும் தங்கும். பருத்தி முதல் சலவையில் சுருங்கும், அதனால் துணியைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த பிறகு வெட்டச் சொல்லுங்கள். பாக்கெட் வாய் மேல்பார்த்து விரிந்து நிற்காமல் மூடி வைத்துத் தைக்கட்டும். துணி வெளுப்பதைப் பற்றியும் குறித்து வைத்திருந்தேன், அதற்கு இன்றைக்கு நேரமில்லை. வணக்கம்.