சக்கரம் நின்ற பிறகு தொடங்கும் பொறுப்பு: நடமாடும் உணவகத்துக்கான காப்பீடு

நேயர்களுக்கு வணக்கம். நடமாடும் உணவகம் நடத்துகிறவரிடம் காப்பீடு எடுத்திருக்கிறீர்களா என்று கேட்டால், வண்டிக்கு எடுத்திருக்கிறேன் என்றுதான் பெரும்பாலும் பதில் வருகிறது. வாகனக் காப்பீடு என்பது சாலையில் ஓடும் ஒரு வண்டியை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. உணவு வண்டியோ தன் வேலை நேரத்தின் பெரும்பகுதியை நின்ற இடத்தில், அடுப்பு எரிய, ஆட்கள் சூழக் கழிக்கிறது. இழப்பீடு கோரி வருகிறவர்கள் ஏமாற்றத்தோடு திரும்புவது பெரும்பாலும் இந்த வேறுபாட்டால்தான். ஆகவே ஒரே ஒரு விபத்தை மட்டும் கற்பனையாக எடுத்துக்கொண்டு, அதில் எந்த இழப்பை எந்தக் காப்பீடு ஏற்கும் என்று பார்க்கலாம்.

வண்டி ஓரிடத்தில் நிற்கிறது, வியாபாரம் நடந்துகொண்டிருக்கிறது. அடுப்புக்குப் பின்புறம் செல்லும் ரப்பர் குழாய் நாள்பட்ட வெப்பத்தில் இறுகி, கிளிப் பொருத்திய இடத்தில் மயிரிழை போல வெடித்திருக்கிறது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தங்கும். காற்றில் ஏறத்தாழ 2 சதவீதம் கலந்தாலே தீப்பற்றப் போதும். கதவுகள் மூடிய வண்டிக்குள் அது தேங்கி, குளிர்பெட்டியின் கம்ப்ரசரிலிருந்து எழுந்த சிறு பொறியில் பற்றிக்கொள்கிறது. வண்டியின் ஒரு பக்கம் கருகுகிறது, அடுப்பு, எண்ணெய்ச் சட்டி, புகைப்போக்கி, குளிர்பெட்டி ஆகியவை சேதமடைகின்றன, உணவுக்காகக் காத்திருந்த ஒருவருக்குக் கையில் தீக்காயம், உதவியாளருக்கும் காயம்.

முதலில் வண்டியை எடுத்துக்கொள்வோம். முழு வாகனக் காப்பீட்டில் தீ விபத்தும் அடங்கும். நின்றிருக்கும்போது நேர்ந்தது என்பதற்காக மட்டும் பொதுவாக மறுக்க மாட்டார்கள். ஆனால் சரக்கு வண்டியாக வாங்கியதைச் சமையலறையாக மாற்றிய விவரம் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்கப்பட்டதா என்ற கேள்வி உடனே எழும். தெரிவிக்கவில்லை என்றால், காப்பீட்டாளர் ஏற்ற இடர் வேறு, உண்மையில் இருந்த இடர் வேறு என்றாகிவிடுகிறது. கோரிக்கை முழுவதையும் மறுக்க அதுவே போதுமான காரணமாகலாம். தெரிவித்திருந்தாலும், பக்கவாட்டுத் திறப்பு, துருப்பிடிக்காத எஃகு மேடை, தண்ணீர்த் தொட்டி போன்ற கட்டுமானச் செலவைக் காப்பீட்டுத் தொகையில் சேர்க்காமல் விட்டிருந்தால், வெறும் வண்டியின் விலைதான் கணக்கில் வரும். மாற்றம் செய்யும் செலவு வண்டியின் விலையையே தாண்டுவதும் உண்டு என்பதால், இந்த ஒரு விடுபாடு உரிமையாளரைக் கடனில் தள்ளிவிடக்கூடும்.

அடுத்து சமையல் கருவிகள். வண்டியோடு திருகிப் பொருத்தியவற்றைத் துணைக் கருவிகளாக வாகனக் காப்பீட்டுப் பத்திரத்திலேயே சேர்க்க இடமிருக்கலாம். எடுத்து வைக்கக்கூடியவற்றுக்குத் தனிப் பத்திரம் வேண்டும். இங்கே பலரும் அறியாத ஒரு கணக்கு இருக்கிறது. கருவிகளின் உண்மை மதிப்பு 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். பிரீமியத்தைக் குறைக்க எண்ணி உரிமையாளர் 60 பங்குக்கு மட்டும் காப்பீடு செய்திருக்கிறார். தீயில் சேதம் 40 பங்கு. 60-க்குள் 40 அடங்கிவிடுகிறதே, முழுவதும் கிடைக்கும் என்று அவர் நம்புவார். ஆனால் பல பத்திரங்களில் உள்ள விகித விதி, காப்பீடு செய்யாமல் விட்ட 40 சதவீதத்துக்கு அவரே காப்பீட்டாளர் என்று கருதுகிறது. ஆகவே 40-இல் 60 சதவீதம், அதாவது 24 பங்குதான் கிடைக்கும். அதிலும் உரிமையாளர் ஏற்கவேண்டிய தொடக்கத் தொகை கழிக்கப்படும். தேய்மானம் கழித்த மதிப்பா, புதிதாக வாங்கும் விலையா என்பதையும் பத்திரத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய எண்ணெய்ச் சட்டிக்குத் தேய்மானம் கழித்துக் கிடைக்கும் தொகையில் புதியது வாங்க முடியாது.

எரிவாயு சிலிண்டரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சிலிண்டர் பல இடங்களில் விநியோக நிறுவனத்துக்குச் சொந்தமானது; நம்மிடம் இருப்பது பயன்படுத்தும் உரிமை மட்டுமே. பிறர் பொருளை நம் பொறுப்பில் வைத்திருக்கிறோம் என்ற சொற்றொடர் பத்திரத்தில் இல்லையெனில், அதன் இழப்பு நம் தலையில் விழும். ஆனால் சிலிண்டரின் விலையைவிடப் பெரியது அதோடு கட்டப்பட்ட நிபந்தனைகள். வணிகப் பயன்பாட்டுக்கு உரிய சிலிண்டர், நிமிர்த்தி அசையாமல் கட்டிய நிலை, தரை மட்டத்தில் வெளிக்காற்றுத் துளையுள்ள தனி அறை, வண்டி ஓடும்போது மூடிய வால்வு, குறித்த காலத்தில் மாற்றிய குழாய், எண்ணெய்த் தீக்கு ஏற்ற தீயணைப்பான் என இவை பத்திரத்தின் பின்பக்கங்களில் எழுதப்பட்டிருக்கும். நாம் எடுத்துக்கொண்ட விபத்தில், சேதத்தை ஆராயக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் மதிப்பீட்டாளர் முதலில் தேடுவது அந்த ரப்பர் குழாயைத்தான். குழாயின் மேல் அச்சிட்ட ஆண்டு பயன்பாட்டுக் காலத்தைத் தாண்டியிருந்தால், திடீர் விபத்தா, பராமரிப்பின்மையா என்ற வாதம் அங்கேயே தொடங்கிவிடும். குழாய் மாற்றிய ரசீதும், இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் கசிவு பார்த்த நாட்களைக் குறித்த ஒரு நோட்டும் இருந்தால் அந்த வாதத்துக்கு விடை உண்டு. ஆனால் அவற்றை வண்டிக்குள் வைத்திருந்தால் அவையும் எரிந்துபோயிருக்கும். வீட்டில் ஒரு பிரதி இருக்க வேண்டும் என்று நான் ஒவ்வொருவரிடமும் வலியுறுத்துவது இதனால்தான்.

இனி காயமடைந்தவர். வாகனக் காப்பீட்டின் மூன்றாம் நபர் பிரிவு, வாகனத்தைப் பயன்படுத்துவதால் நேரும் காயத்துக்கானது. அடுப்புத் தீயால் நேர்ந்த காயம் அதில் அடங்காது என்று நிறுவனம் வாதிட இடமுண்டு. சில பத்திரங்கள் வண்டியைத் தொழிற்கருவியாகப் பயன்படுத்தும் நேரத்தை வெளிப்படையாகவே விலக்குகின்றன. வாடிக்கையாளருக்கான பாதுகாப்பைப் பொதுப் பொறுப்புக் காப்பீட்டில்தான் தேட வேண்டும். அதே வாடிக்கையாளர் உணவு உண்டு, இரண்டு நாள் கழித்து உடல் நலம் கெட்டால், அது பொருள் பொறுப்பு என்ற வேறு பிரிவில் வரும். ஒன்றை எடுத்தால் மற்றது தானாக வந்துவிடாது. ஒரே நாள் உணவால் பலர் பாதிக்கப்படக்கூடும் என்பதால், ஒரு நிகழ்வுக்கான உச்சவரம்பையும் ஆண்டு முழுமைக்கான உச்சவரம்பையும் தனித்தனியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். உதவியாளர் பொதுவாக இந்த இரண்டிலுமே வரமாட்டார். பணியாளர் என்ற முறையில் அவருக்கான தனிக் காப்பீடு இல்லாவிட்டால், அவருடைய மருத்துவச் செலவை உரிமையாளரே ஏற்க நேரிடும். வண்டியில் மிக அருகில் தீயோடு நிற்பவர் அவர்தான் என்பதை எண்ணினால், அவரை விட்டுவிடுவது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

விபத்து நேர்ந்த பிறகு, காயமடைந்தவருக்கு மருத்துவ உதவி செய்து, தீயணைப்புத் துறைக்குச் சொல்லி, நிறுவனத்துக்கு அன்றே எழுத்தில் அறிவிக்க வேண்டும். இடத்தைச் சுத்தம் செய்கிறோம் என்று குழாயையும் ரெகுலேட்டரையும் எறிந்துவிடக்கூடாது. படம் எடுத்து, உறையிலிட்டு, மதிப்பீட்டாளர் வரும்வரை பாதுகாக்க வேண்டும். பாதிக்கப்பட்டவரிடம் அன்போடு நடந்துகொள்ளலாம், நடந்துகொள்ளத்தான் வேண்டும். ஆனால் இவ்வளவு தருகிறேன் என்று தொகை பேசி எழுதிக்கொடுத்தால், தன் சம்மதமின்றி ஏற்ற பொறுப்பு என்று கூறிக் காப்பீட்டாளர் விலகிக்கொள்ளக்கூடும்.

இப்போது பத்திரம் வைத்திருப்பவர்கள், வண்டி நின்று சமைத்துக்கொண்டிருக்கும்போது நேரும் தீயும் காயமும் இதில் அடங்குமா என்ற ஒரே கேள்வியை நிறுவனத்துக்கு எழுத்தில் அனுப்பி, எழுத்திலேயே விடை பெறுங்கள். ஆண்டின் நடுவே இரண்டாவது சிலிண்டரோ புதிய அடுப்போ சேர்த்தால், அதையும் புதுப்பிக்கும் நாள்வரை காத்திராமல் அன்றே தெரிவியுங்கள்.