ராமநாதபுரத்தில் பசுமை கூடினால் விவசாயம் கூடியதா?

கேள்வி: "சார், ராமநாதபுரத்துக்கு 2014 ஜனவரி, 2024 ஜனவரி லேண்ட்சாட் 8 செயற்கைக்கோள் படங்கள் ரெண்டையும் எடுத்து என்.டி.வி.ஐ. கழிச்சுப் பார்த்தேன். நிறைய இடத்துல பசுமை கூடியிருக்கு. விவசாய நிலம் கூடியிருக்குன்னு ப்ராஜெக்ட்ல எழுதலாமா?"

எழுதாதீங்க. ஜனவரியில அந்த மண்ணுல மானாவாரி நெல்லும் பச்சையா இருக்கும், சீமைக்கருவேலமும் பச்சையா இருக்கும். என்.டி.வி.ஐ. இலை எவ்வளவு இருக்குன்னு சொல்லும், எந்தச் செடியோட இலைன்னு சொல்லாது. கண்மாய்ல இன்னொரு சிக்கல். தண்ணி நின்னா மதிப்பு மைனஸ்ல போகும். 2014-ல தண்ணி இருந்து 2024-ல வத்திப் போயிருந்தா, ஒரு செடிகூட முளைக்காமலே 'கூடியிருக்கு'ன்னு காட்டும்.

அதனால மே, ஜூன் படங்களை எடுங்க. அறுப்பு முடிஞ்சு வயல் காய்ஞ்சு கிடக்கும். சீமைக்கருவேலம் ஆழமா வேர் விட்டு அப்பவும் பச்சையா நிக்கும். உதாரணத்துக்கு ஒரு வயல், ஜனவரியில ரெண்டு வருஷமும் 0.55 காட்டுதுன்னு வைங்க, மாற்றமே தெரியாது. அதே இடம் மே மாசத்துல 0.15-லேர்ந்து 0.40-க்கு ஏறியிருந்தா, அங்க உழவு நின்னு முள்ளு ஏறிடுச்சோன்னு சந்தேகப்படணும். நீங்க விவசாயம் கூடிச்சுன்னு நினைச்சது, விவசாயம் போன இடமாக்கூட இருக்கலாம்!

ஒரே ஒரு வருஷத்தை மட்டும் நம்பாதீங்க. 2016 வடகிழக்குப் பருவமழை பொய்ச்சது, 2017-ல எடுத்த படம் வறட்சியைத்தான் காட்டும். இந்தப் பக்கம் மூணு வருஷம், அந்தப் பக்கம் மூணு வருஷம் எடுத்து, மேகத்தை நீக்கிட்டு, ஒவ்வொரு பிக்சலுக்கும் இடைநிலை மதிப்பை ஒப்பிடுங்க.

இன்னொண்ணையும் சரிபாருங்க. கலெக்‌ஷன் 2, லெவல் 2 படத்துல வர்ற எண்ணை அப்படியே சூத்திரத்துல போட்டீங்களா? நிறைய பேர் இங்கதான் தடுக்கி விழறாங்க. முதல்ல இப்படி மாத்தணும்:

```
nir = SR_B5 * 0.0000275 - 0.2
red = SR_B4 * 0.0000275 - 0.2
ndvi = (nir - red) / (nir + red)
```

அகச்சிவப்பு 16000, சிவப்பு 10000-ன்னு வைங்க. மாத்தாம போட்டா 0.23, மாத்திப் போட்டா 0.52. பெருக்கல் மட்டும்னா வகுக்கும்போது அடிபட்டுப் போயிடும், ஆனா அந்த 0.2 கழித்தல் இருக்கே, அது போகாது. நல்ல நெல் வயல்ல எங்கேயுமே 0.3-ஐத் தாண்டலைன்னா இங்கதான் தப்பு இருக்கும்.

மே மாசத்துல பச்சையா இருக்கிறது எல்லாம் கருவேலம்னும் எழுதிடாதீங்க. பனை, தென்னை, போர் தண்ணியில வர்ற பயிரும் இருக்கும். மாற்றம் காட்டுற இடங்கள்ல சிலதைக் குலுக்கல் முறையில எடுத்து, கூகுள் எர்த்ல பழைய படங்களை வச்சுப் பாருங்க. உழுற வயல்னா வரப்புக் கோடு தெளிவா தெரியும். கருவேலம் ஏறின இடத்துல ஒழுங்கில்லாத கொத்துக் கொத்தா பரவி வரப்பையே மூடியிருக்கும். தென்னை வரிசையா நிக்கும்.