மதிப்பெண்ணுக்கும் ஒரு அகலம் உண்டு: தொழில் நாட்டத் தேர்வு அறிக்கையைப் படிப்பது எப்படி

நேயர்களுக்கு வணக்கம்.

பத்தாம் வகுப்பு முடிந்து பிளஸ் ஒன்னில் எந்தக் குரூப் எடுப்பது என்று யோசிக்கும் வீடுகளில் இப்போது ஒரு அறிக்கை மேசைமேல் கிடக்கிறது. பள்ளியிலோ தனியார் மையத்திலோ பிள்ளை ஒரு தேர்வு எழுதியிருப்பாள். வண்ணப் பட்டைகளோடு பத்திருபது பக்கம் வரும். கடைசிப் பக்கத்தில் "உங்களுக்கு ஏற்ற தொழில்கள்" என்று ஒரு பட்டியல் இருக்கும். பெரும்பாலான பெற்றோர் நேராக அந்தக் கடைசிப் பக்கத்துக்குத்தான் போகிறார்கள். அறிக்கையிலேயே ஆதாரம் குறைந்த பக்கம் அதுதான். நம்பத்தக்க விஷயங்கள் நடுப் பக்கங்களில் இருக்கின்றன. அவற்றை எப்படிப் படிப்பது என்று இன்று பார்ப்போம்.

ஒரே உறைக்குள் மூன்று வேறு வேறு தேர்வுகள் இருக்கும். முதலாவது திறன் தேர்வு. மொழி, எண், வடிவம் என்று பகுதி பகுதியாக, நேரம் குறித்து நடக்கும். சரியான விடை, தவறான விடை என்று உண்டு. இரண்டாவது ஆர்வப் பட்டியல். "மின்சாதனம் பழுது பார்ப்பது பிடிக்குமா?" என்பது போன்ற கேள்விகள் வரும். இதில் சரி, தவறு இல்லை. மூன்றாவது ஆளுமை வினாத்தாள். "புதியவர்களோடு பேச எனக்குத் தயக்கமில்லை" போன்ற வாக்கியங்களுக்கு ஆம், இல்லை சொல்ல வேண்டும். இந்த மூன்றும் ஒரே அளவுக்கு நம்பத்தக்கவை அல்ல.

விளங்குவதற்காக ஒரு அறிக்கையைக் கற்பனை செய்துகொள்வோம். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி. திறன் மதிப்பெண்கள்: மொழி 52, எண் 58, வடிவம் 63. இவை நூற்றுக்கு எடுத்த மார்க் அல்ல. சராசரி மாணவருக்கு 50 என்றும், மூன்றில் இரண்டு பங்கு மாணவர்கள் 40-க்கும் 60-க்கும் இடையில் வருமாறும் அமைத்த அளவுகோல் இது. கூடவே பெர்சென்டைலும் போட்டிருக்கும். மொழியில் 58, எண்ணில் 79, வடிவத்தில் 90. அதாவது, ஒப்பிட்ட மாணவர்களில் நூற்றுக்கு 79 பேரைவிட எண் பகுதியில் இவள் மேலே இருக்கிறாள்.

"மொழியில் 58, எண்ணில் 79! அப்படியானால் கணக்குதான் இவளுக்கு" என்று உடனே தோன்றும். அவசரப்பட வேண்டாம். மாணவர்கள் பெரும்பாலும் நடுவில்தான் நெருக்கமாக இருப்பார்கள். அதனால் அங்கே இரண்டு மூன்று கேள்வி கூடினாலே பெர்சென்டைல் தாவிவிடும். 21 பெர்சென்டைல் வித்தியாசமாகத் தெரிவது அளவுகோலில் வெறும் 6 புள்ளிதான்.

அந்த 6 புள்ளி போதுமா? மறுபடி எழுதினாலும் மதிப்பெண் எவ்வளவு மாறாமல் நிற்கும் என்பதை 0-லிருந்து 1-க்குள் சொல்லும் எண்ணுக்கு நம்பகத்தன்மை என்று பெயர். நல்ல திறன் தேர்வின் ஒரு பகுதிக்கு அது 0.85 என்று இருக்கும். அப்படியானால் ஒவ்வொரு மதிப்பெண்ணிலும் ஏறக்குறைய 4 புள்ளி மேலேயோ கீழேயோ பிழை இருக்கலாம். இவளுடைய 58 என்பது உண்மையில் "54-லிருந்து 62-க்குள் இருக்கக்கூடும்" என்று சொல்வதே. பெர்சென்டைலில் சொன்னால் 66-லிருந்து 88 வரை. அதுவும் மூன்றில் இரண்டு தடவைக்குத்தான் உத்தரவாதம். இரண்டு மதிப்பெண்களை ஒப்பிடும்போது இரண்டு பிழைகளும் சேர்ந்துவிடும். வித்தியாசம் 11 புள்ளியை எட்டினால்தான் அதை உண்மையான வித்தியாசம் என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். ஆகவே இந்த மாணவியின் எண் திறன் மொழித் திறனைவிட மேல் என்று சொல்ல ஆதாரம் இல்லை. வடிவத் திறன் மொழியைவிட மேல் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது: 63-க்கும் 52-க்கும் சரியாக 11 வித்தியாசம். இந்த அறிக்கை உறுதியாகச் சொல்வது அந்த ஒன்றைத்தான்.

இங்கே தமிழ்வழி மாணவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. எண் பகுதியின் கணக்குகள் ஆங்கிலத்தில் நீண்ட வாக்கியங்களாக இருந்தால், தேர்வு அளப்பது கணக்கை அல்ல, ஆங்கில வாசிப்பு வேகத்தை. இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. தேர்வு நடத்தியவரிடம் எத்தனை கேள்விக்கு விடை எழுதினாள், அதில் எத்தனை சரி என்ற இரண்டு எண்களையும் கேளுங்கள். நாற்பது கேள்வியில் 22 எழுதி 20 சரியாக்கிய பிள்ளையும், நாற்பதும் எழுதி 20 சரியாக்கிய பிள்ளையும் அறிக்கையில் ஒரே மதிப்பெண்ணோடு நிற்பார்கள். முதல் பிள்ளைக்குக் கணக்கு தெரியும், நேரம்தான் போதவில்லை. அவளைத் தமிழில் மறுபடி எழுத வைக்காமல் "எண் திறன் சுமார்" என்று எழுதுவது அநியாயம். ஒப்பிட்ட குழு யார் என்பதும் இதே மாதிரிதான். பெருநகர ஆங்கிலவழிப் பள்ளிகளில் சேகரித்த சராசரியோடு ஊராட்சி ஒன்றியப் பள்ளிப் பிள்ளையை ஒப்பிட்டால் அந்தப் பெர்சென்டைலுக்குப் பொருளே மாறிவிடும்.

அடுத்தது ஆர்வப் பட்டியல். ஜான் ஹாலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959-ல் முன்வைத்த வகைப்பாட்டைத்தான் பெரும்பாலான தேர்வுகள் பின்பற்றுகின்றன. கையால் செய்யும் வேலை, ஆராயும் வேலை, கலை, பிறருக்கு உதவும் வேலை, ஆளை இணங்கவைக்கும் வேலை, ஒழுங்காகப் பதிந்து பராமரிக்கும் வேலை என்று ஆறு வகை. அமெரிக்கத் தொழிலாளர் துறை இணையத்தில் இலவசமாகத் தரும் ஓ-நெட் பட்டியலும் இதே அடிப்படையில் அமைந்ததுதான். அதில் 60 கேள்வி, வகைக்குப் பத்து, வகை ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 40.

நம் மாணவிக்கு உதவும் வேலையில் 31, ஆராய்வதில் 24, கைவேலையில் 22, மற்ற மூன்றிலும் 20-ஐ ஒட்டி வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடைசிப் பக்கம் "ஆசிரியர், செவிலியர்" என்று எழுதும். ஆனால் உதவும் வேலைக்குப் பெண்கள் பொதுவாகவே அதிகமாகவும் கைவேலைக்குக் குறைவாகவும் புள்ளி போடுகிறார்கள் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். எனவே 31 என்பது அவள் வயதுப் பெண்களிடையே சாதாரணமாக இருக்கலாம். 22 என்பது அவர்களிடையே தனித்துத் தெரியும் எண்ணாகவும் இருக்கலாம். நேரடிப் புள்ளி அவளுக்கு எது மிகவும் பிடிக்கும் என்று சொல்கிறது. ஒத்தவர்களோடு ஒப்பிட்ட புள்ளி, யாரும் ஊக்கப்படுத்தாமலே எதில் அவளுக்கு நாட்டம் வந்திருக்கிறது என்று சொல்கிறது. இரண்டையும் கேட்டு வாங்குங்கள். இந்த இரண்டாவது எண்ணைப் பார்க்காததால் எத்தனையோ பெண் பிள்ளைகளின் கைவேலை நாட்டம் கணக்கிலேயே வராமல் போகிறது.

இன்னொன்று: "தெரியாது" என்ற நடு விடையை எத்தனை இடத்தில் குறித்திருக்கிறாள் என்று எண்ணிப் பாருங்கள். ஸ்க்ரூடிரைவரைக் கையில் பிடித்தே இராத பிள்ளை, மின்சாதனப் பழுது பிடிக்குமா என்றால் என்ன சொல்லும்? அறுபதில் இருபதுக்கு மேல் நடு விடை வந்து, ஆறு வகையும் தட்டையாக நின்றால், ஆர்வம் இல்லை என்று அர்த்தம் அல்ல. பார்த்ததில்லை என்று அர்த்தம். அந்த நிலையில் தொழில் பட்டியலை ஒதுக்கிவிட்டு, ஒரு ஐடிஐ பட்டறையையும் ஒரு ஆய்வுக்கூடத்தையும் ஒரு கணக்கு எழுதும் அலுவலகத்தையும் அவளுக்கு நேரில் காட்டுவது பயன் தரும். ஆறு மாதம் கழித்து அதே பட்டியலை மறுபடி நிரப்பச் சொல்லலாம். பதினைந்து வயது ஆர்வம் இன்னும் நகரும். பதினெட்டு தாண்டிய பிறகுதான் கூடுதலாக நிலைப்படும்.

ஒத்தவர்களோடு ஒப்பிட்டதில் நம் மாணவியின் கைவேலைப் புள்ளி தனித்துத் தெரிந்தது என்று வைத்துக்கொள்வோம். இப்போது திறன், ஆர்வம் இரண்டின் செய்திகளையும் சேர்த்துப் பாருங்கள். வடிவத் திறன் மேலே. பிறருக்கு உதவுவதிலும் கைவேலையிலும் நாட்டம். இவை கூடும் இடம் ஆசிரியர், செவிலியர் பட்டியலில் இல்லவே இல்லை. பிசியோதெரபி, செயற்கைக் கை கால் செய்து பொருத்தும் படிப்பு, எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கும் தொழில்நுட்பம் என்று அது வேறு திசையில் போகிறது. அந்தத் திசை பிடித்தால் பிளஸ் ஒன்னில் உயிரியலை விட்டுவிடக் கூடாது என்பது இன்றே எடுக்க வேண்டிய முடிவு. இதற்கு இந்த அறிக்கை உண்மையில் உதவுகிறது. அந்தப் படிப்புக்கு வீட்டில் பணம் இருக்கிறதா, கல்லூரி எவ்வளவு தூரம், படித்து முடித்தால் ஊரில் வேலை கிடைக்குமா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

ஆளுமைப் பகுதிக்கு நான் மிகக் குறைந்த இடமே தருவேன். நான்கு எழுத்துகளில் உங்களை 16 வகைக்குள் வைக்கும் மையர்ஸ்-பிரிக்ஸ் முறை நிறுவனங்களில் மிகப் பிரபலம். அதில் ஒவ்வொரு குணத்தையும் நடுவில் வெட்டி, இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம் என்று எழுதுகிறார்கள். ஆனால் மனிதர்கள் அதிகமாக இருப்பதே நடுவில்தான். கோட்டுக்கு ஒரு புள்ளி இப்பால் உள்ளவருக்கும் ஒரு புள்ளி அப்பால் உள்ளவருக்கும் வேறு வேறு எழுத்து கிடைக்கும். ஒவ்வொரு எழுத்தும் மறு தேர்வில் மாறாமல் இருக்க நூற்றுக்கு 85 வாய்ப்பு என்றே வைத்துக்கொண்டாலும், நான்கும் சேர்ந்து மாறாமல் இருக்க நூற்றுக்கு 52 வாய்ப்புதான். ஆளெடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அதை வெளியிடும் நிறுவனமே சொல்கிறது. அப்படியிருக்க, "நீ உள்முக வகை, விற்பனைக்கு ஆகமாட்டாய்" என்று ஒரு இளைஞனிடம் சொல்ல யாருக்கும் ஆதாரம் கிடையாது.

பொறுப்புணர்வு என்ற குணம் மட்டும் பல தொழில்களிலும் வேலைத்திறனோடு சிறிதளவு சேர்ந்து போகிறது. தொடர்பு சுமார் 0.2. அதாவது பொறுப்புணர்வில் சராசரிக்கு மேல் இருக்கும் நூறு பேரில் 56 பேர் வேலையிலும் சராசரிக்கு மேல் வருவார்கள்; சராசரிக்குக் கீழே இருப்பவர்களிலும் 44 பேர் வருவார்கள். ஒரு குறிப்பிட்ட பிள்ளையைப் பற்றி முடிவெடுக்க இது போதாது.

கைரேகையைப் பதிந்து பிள்ளையின் அறிவுத்திறனையும் தொழிலையும் சொல்வதாக விற்கும் சோதனைகளும் பரவியிருக்கின்றன. கைரேகைக்கும் தொழில் திறனுக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. அதற்குப் பணம் கட்ட வேண்டாம்.

மற்ற தேர்வுகளுக்குப் பணம் கட்டும் முன் மையத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். ஒப்பிடும் குழுவில் யார் யார், எந்த வழியில் படித்தவர்கள், எந்த ஆண்டில் சேகரித்தது? ஒவ்வொரு பகுதியின் நம்பகத்தன்மை எண் என்ன? அறிக்கையில் ஒற்றை மதிப்பெண் மட்டும் வருமா, இத்தனையிலிருந்து இத்தனைக்குள் என்ற வரம்பும் வருமா? முறையான தேர்வுக்குக் கையேடு இருக்கும், அதில் இந்த மூன்றுக்கும் விடை அச்சாகியிருக்கும். அந்தக் கையேட்டை எடுத்துக் காட்ட முடியாத இடத்தில் பிள்ளையைத் தேர்வுக்கு உட்கார வைக்காதீர்கள்.

நன்றி. வணக்கம்.